எட்டு நிமிட வீடியோவுக்கு எத்தனை கிழமை? தொண்டு எடிட்டிங்கை மணிக்கணக்காகப் பார்த்துத் திகதி குறிக்கும் முறை

"எட்டு நிமிச வீடியோதானே, ரெண்டு நாள் இருந்தால் முடிஞ்சிடும்." அநேகமான சனசமூக நிலைய வீடியோக்களுக்குத் திகதி குறிக்கப்படுவது இந்த ஒரு வாக்கியத்தால்தான். விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது, அதில் "ஆவணப்படத் திரையிடல்" என்று ஒரு வரி ஏறிவிடுகிறது. எடிட் செய்யப்போகும் பிள்ளைக்கு அந்தத் திகதி கடைசியாகத்தான் தெரியவரும். இதில் பிழை எங்கே என்றால், முடிந்த வீடியோவின் நீளத்தை வைத்து வேலையை அளப்பதில்தான். வேலையின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறீர்கள், கிழமைக்கு உண்மையில் எத்தனை மணித்தியாலம் உட்கார முடியும், மற்றவர்களின் பதிலுக்காக எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருகோணமலை நகருக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமம். அங்குள்ள சனசமூக நிலையம் தன் ஆண்டு விழாவில் கரைவலைத் தொழில் பற்றி எட்டு நிமிட வீடியோ காட்ட விரும்புகிறது. வயதான நான்கு தொழிலாளர்களின் நேர்காணல், வலை வளைத்து இழுக்கும் காட்சிகள், சிங்களச் சப்டைட்டில். எல்லாம் போனில் எடுத்தது. எடிட் செய்பவர் பகலில் வேலைக்குப் போகிறவர். எடுத்ததெல்லாம் அவர் கைக்கு வந்த நாளிலிருந்து விழாவுக்குப் பத்துக் கிழமை இருக்கிறது.

முதலில் அளக்க வேண்டியது, எடுத்து வைத்திருப்பதை

எல்லாக் கிளிப்புகளையும் ஒரே கோப்புறையில் சேருங்கள். இரண்டாவது பிரதி ஒன்றை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. பிறகு எடிட்டிங் மென்பொருளில் வெறும் டைம்லைன் ஒன்றைத் திறந்து, எல்லாக் கிளிப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். கடைசி கிளிப் முடியும் இடத்தில் காட்டும் நேரம்தான் உங்கள் மொத்தப் பொருள். நமது உதாரணத்தில் நேர்காணல் 130 நிமிடம், கடற்கரைக் காட்சிகள் 80 நிமிடம், மொத்தம் மூன்றரை மணித்தியாலம். எட்டு நிமிடத்துக்கு மூன்றரை மணித்தியாலம் என்பது அளவுக்கு மீறியதல்ல. ஆனால் அந்த மூன்றரை மணித்தியாலத்தையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தே ஆகவேண்டும். அதைத்தான் "ரெண்டு நாள்" கணக்கு மறந்துவிடுகிறது.

சேர்க்கும்போதே இரண்டு விசயங்களைச் சோதியுங்கள். ஒன்று, யாராவது வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பியிருக்கிறார்களா என்பது. அப்படி வந்த கிளிப் அமுக்கப்பட்டு, தெளிவு குறைந்திருக்கும். பெரிய திரையில் போட்டால் வலைக் கயிறு எல்லாம் கஞ்சி போலக் கரைந்து தெரியும். அசல் கிளிப் இன்னும் அனுப்பியவரின் போனில் இருக்கும்போதே, 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அல்லது கேபிள் போட்டு நேரே எடுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், "போன் நிறைஞ்சு போச்சு, அழிச்சிட்டன்" என்ற பதில்தான் வரும்.

இரண்டாவது, ஒலியும் உதடும் சேர்ந்து போகின்றனவா என்பது. பல போன்கள் ஒரே சீரான பிரேம் வேகத்தில் பதிவதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும். சில எடிட்டிங் மென்பொருள்களில் அந்தக் கிளிப்பைப் போட்டால், நேர்காணல் தொடங்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், இருபதாவது நிமிடத்தில் உதடு அசைந்த பிறகு சத்தம் வரும். ஆகவே ஒவ்வொரு நீண்ட கிளிப்பின் கடைசி ஒரு நிமிடத்தையும் பாருங்கள். விலகல் இருந்தால், வெட்டத் தொடங்கும் முன்னரே சீரான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும். ffmpeg என்ற மென்பொருளில், 30 பிரேமில் எடுத்த கிளிப்புக்குக் கட்டளை இது:

```
ffmpeg -i clip.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k clip_30.mp4
```

பழைய லப்டொப்பில் இது கிளிப்பின் நீளமளவுக்கோ அதற்கு மேலோ ஓடும். ஆனால் அது இயந்திரத்தின் நேரம், உங்களுடையது அல்ல. இரவில் ஓடவிட்டுப் படுக்கலாம். இந்த வித்தியாசத்தைக் கணக்கு முழுவதும் பிடித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய மணித்தியாலத்தை மட்டும் கூட்டுங்கள். இயந்திரம் தனியே ஓடும் நேரத்தை நாட்காட்டியில் ஓர் இரவாகக் குறித்தால் போதும்.

பார்த்துக் குறிக்கும் வேலைக்கு உரிய நேரத்தைக் கொடுங்கள்

கடற்கரைக் காட்சிகளைப் பார்க்க அவற்றின் நீளமளவு நேரம் போதும். நல்லது, கெட்டது, எங்கே பாவிக்கலாம் என்று கிளிப்புக்கு ஒரு வரி எழுதினால் சரி. நேர்காணல் அப்படியல்ல. நிறுத்தி, பின்னே போய், எந்த நிமிடத்தில் என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். இதற்கு நீளத்தின் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் எழுதப் போனால் நான்கு, ஐந்து மடங்காகிவிடும். எட்டு நிமிட வீடியோவுக்கு அது தேவையில்லை. நமது உதாரணத்தில் 130 நிமிடத்துக்கு நான்கரை மணித்தியாலம், 80 நிமிடத்துக்கு ஒன்றரை மணித்தியாலம், மொத்தம் ஆறு.

இந்த வேலையை மட்டும் வேறொருவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எடிட்டிங் தெரியத் தேவையில்லை. கரைவலை தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. சம்மாட்டி பேசும்போது "மடி" என்று சொல்வது வலையின் கடைசியில் மீன் சேரும் பையை என்பது அவருக்கு உடனே விளங்கும். எடிட் செய்பவர் அதைத் தெரியாமல், மடி பற்றிய பேச்சுக்குக் கயிற்றின் படத்தை வைத்தால், விழாவில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள்தான் முதலில் பிடிப்பார்கள்.

ஒரு நிமிடத்தை முழுதாக வெட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யலாம் என்றால், இதைச் செய்யுங்கள். மற்றவர்கள் சொல்லும் "ஒரு நிமிடத்துக்கு இத்தனை மணித்தியாலம்" என்ற கணக்கு உங்கள் கைவேகத்துக்கோ, உங்கள் லப்டொப்புக்கோ, உங்கள் காட்சிகளுக்கோ பொருந்த வேண்டிய அவசியமில்லை. ஆகவே வீடியோவின் நடுப்பகுதியிலிருந்து ஒரு நிமிடத்தைத் தேர்ந்து, நேர்காணலை வெட்டி, மேலே காட்சிகளை வைத்து, ஆட்களுக்குக் காட்டலாம் என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதுங்கள். தேநீர் குடித்த நேரத்தைக் கழியுங்கள். புரொஜெக்ட் திறப்பதற்கும் கிளிப் தேடுவதற்கும் போன நேரத்தைக் கழிக்காதீர்கள், அதுவும் வேலைதான்.

எந்த நிமிடத்தைத் தேர்கிறோம் என்பது முக்கியம். ஒருவர் அமைதியாக இருந்து பேசும் பகுதி சுலபமானது, அதை வெட்டிப் பார்த்தால் கணக்கு பொய் சொல்லும். கடினமான பகுதியைத் தேருங்கள். கரைவலை வீடியோவில் கடினமானது வலை இழுக்கும் இடம். தோணியில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்து இழுக்கிறார்கள். இழுப்பு நீண்ட நேரம் நடக்கும், நமக்கு வேண்டியது ஐம்பது விநாடி. ஆட்கள் அம்பாப் பாட்டு பாடிக்கொண்டே இழுக்கிறார்கள் என்றால், படத்தை வெட்டும் இடத்தில் பாட்டும் அறுந்துவிடும். ஒருவர் எடுத்துக்கொடுக்கும் வரிக்கு மற்றவர்கள் பதில் வரி பாடும் முன் வெட்டு விழுந்தால், தமிழ் தெரியாதவருக்கும் அது தட்டும். இதற்கு வழி, பாட்டு நன்றாகப் பதிந்த ஒரு கிளிப்பின் ஒலியை அறுக்காமல் ஒரு நிமிடத்துக்கு நீளமாக விரித்துவிட்டு, மற்றக் கிளிப்புகளின் படத்தை மட்டும் அதன் மேல் அடுக்குவது. கால் மணலில் ஊன்றும் தாளமும் கயிறு நகரும் தாளமும் பாட்டோடு ஒத்துப்போகும் துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். இப்படி ஒரு நிமிடத்துக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போகலாம். அது வீண்போன நேரமல்ல. வீடியோவில் ஆட்கள் நினைவில் வைத்திருக்கப்போவதும் அந்த நிமிடத்தைத்தான்.

நமது எடிட்டர் முதலில் நினைத்தது, வெட்டி அடுக்கும் வேலைக்கு முடிந்த நிமிடம் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் என்று. சோதனையில் எடுத்தது இரண்டு மணி இருபது நிமிடம். அதாவது நினைத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூட. எட்டு நிமிடத்துக்கு 14 மணித்தியாலம் என்றிருந்தது இப்போது ஏறத்தாழ 18½. பகுதி கடினமானது என்பதால் கணக்கைக் குறைக்கத் தோன்றும், குறைக்காதீர்கள். சுலபமான பகுதியில் மிச்சப்படுவது, தொடக்கமும் முடிவும் சரிவராமல் மூன்று தரம் மாற்றுவதில் போய்விடும்.

மணிக்கணக்குத் தாள்

இப்போது ஒரு கொப்பித் தாளில் வேலைகளை எழுதிக் கூட்டலாம். நமது உதாரணத்தின் தாள் இப்படி இருக்கும்:

- சேர்த்தல், பிரதி எடுத்தல், பெயரிடல்: 3 மணித்தியாலம்
- பார்த்துக் குறித்தல்: 6
- எந்தப் பேச்சு, எந்த ஒழுங்கு என்று தாளில் முடிவு செய்தல்: 3
- வெட்டி அடுக்குதல்: 18½
- ஒலி: 4
- நிறம் சீராக்கலும் பெயர்ப் பலகைகளும்: 3
- சிங்களச் சப்டைட்டில், எடிட்டரின் பங்கு மட்டும்: 4
- இரண்டு சுற்றுத் திருத்தம்: 4½
- ஏற்றுமதி செய்து முழுதாகப் பார்த்தல், பிரதி கொடுத்தல்: 2

மொத்தம் 48 மணித்தியாலம். இதில் இரண்டு வரிகளுக்கு விளக்கம் வேண்டும், ஏனென்றால் எல்லோரும் குறைத்துப் போடுவது அவற்றைத்தான்.

ஒலிக்கு நான்கு மணித்தியாலம் எதற்கு? கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கடற்கரையில் போன் மைக்கில் எடுத்த பேச்சு, காற்றின் "புடுபுடு" சத்தத்தோடுதான் வரும். கீழ் அலைவரிசையை வெட்டினால், கிட்டத்தட்ட 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே, அந்த உருட்டல் குறையும். ஆனால் காற்று மைக்கை நேரே அடித்து ஒலி உடைந்திருந்தால், அதை எந்த வடிகட்டியும் மீட்காது. அப்படியான வாக்கியங்களை ஹெட்போனில் கேட்டு அடையாளம் கண்டு, வேறு வாக்கியம் தேட வேண்டும். இதைப் பார்த்துக் குறிக்கும்போதே செய்துவிட்டால் நல்லது. எல்லாம் வெட்டி அடுக்கிய பிறகு, வீடியோவின் மையமான வாக்கியமே விளங்கவில்லை என்று கண்டால், அந்தப் பகுதியை மறுபடி கட்ட வேண்டும்.

பெயர்களும் சப்டைட்டிலும் நேரம் தின்னும் விதம் வேறு. நிலையத்திலிருந்து நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக வரும். எடிட்டிங் மென்பொருளில் ஒட்டினால் `jpUNfhzkiy` என்று ஆங்கில எழுத்தாகத் தெரியும். அதை யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதை எழுத்துக்கெழுத்து ஒப்பிட வேண்டும். யுனிகோட்டில் இருந்தாலும், சில மென்பொருள்களில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். சிங்களத்தில் கூட்டெழுத்துகள் பிரிந்துபோகும். ஆகவே சப்டைட்டில் முழுவதையும் போட்ட பிறகல்ல, முதல் நாளே இரண்டு மொழியிலும் ஒரு வரி போட்டு ஏற்றுமதி செய்து பாருங்கள். உடைகிறது என்றால் மென்பொருளின் எழுத்து அமைப்பை மாற்றவோ, வேறு எழுத்துருவுக்குப் போகவோ நேரம் இருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இறுதி வீடியோவைப் பார்க்காமல் அதை வெளியே விடாதீர்கள். எழுத்து உடைந்திருப்பது வாசிக்கத் தெரியாதவரின் கண்ணுக்குப் படாது.

48 மணித்தியாலத்தோடு கால்வாசி சேருங்கள்: 12. மொத்தம் 60. இந்தக் கால்வாசி சோம்பலுக்கு விட்ட இடமல்ல. மின்வெட்டில் சேமிக்காமல் போன ஒரு மணித்தியாலம், மறுபடி போய் எடுக்க வேண்டிய ஒரு காட்சி, கடைசியில் வந்துசேரும் இறந்துபோன அங்கத்தவரின் பழைய படம், இவையெல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். எதற்கு என்று முன்கூட்டியே எழுத முடிந்தால், அது தாளில் தனி வரியாக வரவேண்டும், கால்வாசிக்குள் அல்ல.

மணித்தியாலத்தைக் கிழமையாக்குதல்

"ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் இருப்பன்" என்ற வாக்கை எண்ணாதீர்கள். போன மாதத்தை எண்ணுங்கள். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, உண்மையில் எத்தனை இரவு லப்டொப்பின் முன் உட்கார முடிந்தது? நமது எடிட்டருக்குக் கிடைத்த விடை: செவ்வாயும் வியாழனும் ஒன்றரை மணித்தியாலம் வீதம், ஞாயிறு நான்கு. கிழமைக்கு ஏழு. ஒவ்வொரு தரமும் புரொஜெக்ட் திறந்து, எங்கே விட்டோம் என்று நினைவுக்குக் கொண்டுவர ஒரு கால் மணித்தியாலம் போகும். மூன்று தரம் உட்கார்ந்தால் முக்கால் மணித்தியாலம். மிஞ்சுவது ஆறேகால். 60ஐ ஆறேகாலால் பிரித்தால் ஒன்பதரைக் கிழமைக்குக் கொஞ்சம் மேல்.

இந்த முக்கால் மணித்தியாலத்தைச் சிறியதென்று விடாதீர்கள். அதே ஏழு மணித்தியாலத்தை நாளுக்கு ஒன்றாகப் பிரித்தால், திரும்பத் தொடங்குவதற்கே ஒன்றே முக்கால் போய்விடும். வெட்டி அடுக்கும் வேலைக்கு ஒரு ஞாயிறு முழுவதும் கிடைப்பதுதான் பெறுமதி. பெயர்ப் பலகை, சப்டைட்டில் ஒட்டுதல் போன்றவற்றை இரவின் ஒன்றரை மணித்தியாலங்களுக்கு விடலாம்.

பிறகு நாட்காட்டியை விரித்து வையுங்கள். வேலை நடக்காத கிழமைகளை முதலிலேயே அடியுங்கள். கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள், கோயில் திருவிழா, நோன்பு மாதத்தின் பின்னேரங்கள், பரீட்சைக் காலம், வீட்டில் கலியாணம். எடிட்டருடையது மட்டுமல்ல, பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டியவர்களுடைய நாட்களும் இதில் சேரும். போயா நாள் விடுமுறை எடிட்டருக்கு மேலதிக நாளாகலாம், ஆனால் அதை நம்பித் திகதி போட வேண்டாம்.

மற்றவர்களின் பதிலுக்கான நாட்கள்

இது எடிட்டரின் மணிக்கணக்கில் வராது, ஆனால் நாட்காட்டியைத் தின்னும். நிர்வாக சபை ஞாயிற்றுக்கிழமைதான் கூடும் என்றால், திங்கள் காலை அனுப்பிய வீடியோவுக்கு ஆறு நாள் பதில் இல்லை. ஆகவே அனுப்பும் நாளைச் சபை கூடும் நாளுக்கு முன்னே வையுங்கள். சுற்றுக்கு ஐந்து நாள் வீதம் இரண்டு சுற்றுக்குப் பத்து நாள், ஒன்றரைக் கிழமை என்று கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளருக்கும் ஐந்து நாள் தேவை, ஆனால் அந்த நாட்களில் எடிட்டர் ஒலியைச் செய்யலாம் என்பதால் அதைத் தனியே கூட்ட வேண்டாம்.

திருத்தம் வரும் விதத்தையும் முன்கூட்டியே பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஏழு பேர் ஏழு விதமாகக் குரல் பதிவு அனுப்பினால், அவற்றைக் கேட்டு, ஒன்றுக்கொன்று முரண்படுவதைப் பிரித்தெடுக்கவே ஒரு பின்னேரம் போகும். ஒரே ஒருவர் எல்லோரிடமும் கேட்டு, ஒரே செய்தியாக எழுதி அனுப்பவேண்டும், நிமிடமும் விநாடியும் போட்டு: "2:14 — ஐயாவின் பெயரில் முதலெழுத்து பிழை. 4:40 — இது நம்முடைய வலை இல்லை, வேறு படம் போடவும்." இப்படி வந்தால் பத்துத் திருத்தமும் ஓர் இரவில் முடியும். "நடுவில கொஞ்சம் இழுவையா இருக்கு" என்று மட்டும் வந்தால், எந்த நடுவில் என்று கேட்டு எழுதி இன்னொரு மூன்று நாள்.

கணக்கு விழாவைத் தாண்டினால்

ஒன்பதரைக்கு மேல் வேலை, ஒன்றரை காத்திருப்பு: பதினொரு கிழமை. விழாவுக்கு இருப்பது பத்து. இதை இரண்டாவது கிழமை முடிவில், பார்த்துக் குறித்து ஒரு நிமிடச் சோதனையும் செய்த உடனே நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். அப்போதென்றால் எல்லா வழியும் திறந்திருக்கும். எட்டாவது கிழமையில் சொன்னால் ஒரு வழியும் இல்லை.

எதைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குக் காட்டுங்கள். சிங்களச் சப்டைட்டில் வேலை முழுவதையும் வேறொருவர் எடுத்தால் நான்கு மணித்தியாலம் குறையும். கால்வாசியும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிழமைக்கும் சற்றுக் குறைவு. போதாது. நீளத்தை எட்டிலிருந்து ஐந்து நிமிடமாக்கினால்? பார்த்துக் குறிக்கும் ஆறு மணித்தியாலம் குறையாது, அது ஏற்கெனவே செய்து முடித்தது. வெட்டுதல், ஒலி, நிறம், சப்டைட்டில் ஆகியவை நீளத்தோடு குறையும்: மொத்தம் பதினொரு மணித்தியாலம். 48 என்பது 37 ஆகும், கால்வாசியோடு 46, அதாவது ஏழரைக் கிழமை. காத்திருப்போடு ஒன்பது. விழாவுக்கு ஒரு கிழமை முன்பே வீடியோ கையில் இருக்கும். நான்கு நேர்காணலில் இரண்டைப் பிறகு தனிச் சிறு வீடியோவாக வெளியிடலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "என்னுடையதை வெட்டிப்போட்டார்கள்" என்று ஒரு பெரியவருக்கு மனத்தாங்கல் வராமல் இருக்க அது உதவும்.

இரண்டாவது எடிட்டரைச் சேர்ப்பது மட்டும் வேண்டாம். எட்டு நிமிட வீடியோவை இருவர் பிரித்து வெட்டினால், ஒரே மென்பொருள், ஒரே கோப்புப் பெயர்கள், ஒரே ரசனை என்று ஒத்துப்போகச் செய்வதற்கே மிச்சப்பட்ட நேரம் போய்விடும்.

ஒரு திகதி அல்ல, மூன்று

நிர்வாகத்துக்குக் கொடுப்பது மூன்று திகதிகள். முதலாவது, முழு வீடியோவும் கரடுமுரடாகப் பார்க்கக்கூடிய நாள்: ஐந்தாம் கிழமை முடிவு. அதில் நிறம் சீராக்கியிருக்காது, சப்டைட்டில் இருக்காது, காற்றுச் சத்தம் இருக்கும். ஆனால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை இருக்கும். இரண்டாவது, வெட்டை மூடும் நாள்: ஏழாம் கிழமை முடிவு. மூன்றாவது, கையளிக்கும் நாள்: ஒன்பதாம் கிழமை முடிவு.

வெட்டை மூடும் நாள் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு பெயர் பிழை, எழுத்துப் பிழை திருத்தலாம். ஒரு வாக்கியத்தை எடுக்கவோ சேர்க்கவோ கூடாது. காரணம் இது: மூன்றாவது நிமிடத்தில் ஐந்து விநாடிப் பேச்சை எடுத்தால், அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு சப்டைட்டிலும் ஐந்து விநாடி முன்னே நகர வேண்டும். அம்பாப் பாட்டு தொடங்கும் இடம் மாறும். அங்கே சீராக்கிய ஒலியின் ஒட்டு மறுபடி வெளியே தெரியும். ஐந்தாம் கிழமையில் பத்து நிமிட வேலையாக இருந்தது, எட்டாம் கிழமையில் ஒரு முழு இரவாகும்.

எழுத்தில் கொடுக்கும் செய்தி இவ்வளவு போதும்:

"வணக்கம் தலைவர் ஐயா. எல்லாக் கிளிப்புகளும் 4ஆம் திகதி கிடைத்தன. ஐந்து நிமிட வீடியோ, சிங்களச் சப்டைட்டிலுடன், அந்த நாளிலிருந்து ஒன்பது கிழமையில் தரலாம். ஐந்தாம் கிழமை ஞாயிறு கூட்டத்துக்கு முழு வீடியோவையும் பார்க்கத் தருவேன். திருத்தங்களை ஐந்து நாளுக்குள் செயலாளர் அண்ணா ஒரே செய்தியாக அனுப்ப வேண்டும். ஏழாம் கிழமைக்குப் பிறகு பெயர், எழுத்து மட்டும் மாற்றலாம். பழைய படங்கள் எதுவும் சேர்க்க வேண்டுமென்றால் மூன்றாம் கிழமைக்குள் தாருங்கள். திருத்தமோ படமோ பிந்தினால், பிந்திய நாளளவுக்குக் கையளிக்கும் நாளும் பிந்தும்."

கடைசி வரியை மரியாதைக்காக விட்டுவிடுகிறவர்கள் அநேகம். விடாதீர்கள். அது மிரட்டல் அல்ல, கணக்கு. எழுதிக் கொடுத்தால், படம் பிந்தும்போது யாரும் யாரையும் குறைசொல்ல வேண்டியதில்லை.

பிந்துகிறது என்பதை எப்படிக் காண்பது

ஒவ்வொரு தரமும் எழும்பும்போது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று தாளில் எழுதுங்கள். நான்காம் கிழமை முடிவில் டைம்லைனைப் பாருங்கள். கடைசிக் காட்சி வரை ஏதோவொன்று அடுக்கப்பட்டிருக்க வேண்டும், அசிங்கமாக இருந்தாலும். முதல் நிமிடம் நிறம், இசை, எழுத்து எல்லாம் போட்டுப் பளபளப்பாக இருக்கிறது, மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு வெறுமை என்றால், அது பிந்துவதன் நிச்சயமான அடையாளம். முதல் நிமிடத்தை மூடிவைத்துவிட்டு கடைசி வரை அடுக்குங்கள். முழு வீடியோவும் தெரிந்த பிறகு, அந்த முதல் நிமிடத்தையே மாற்ற வேண்டி வரலாம்.

இன்னோர் அடையாளம், தாளில் ஒரு வரி குறித்த நேரத்தைத் தாண்டி ஒன்றரை மடங்கு போவது. அப்போது மிச்ச வேலைகளைப் புதிய வேகத்தில் மறுபடி கூட்டி, கையளிக்கும் நாள் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்கிறது என்றால் அதே நாள் சொல்லுங்கள். "அடுத்த கிழமை பிடிச்சிடுவன்" என்பது கணக்கில் இல்லாத மணித்தியாலம்.

விழாவுக்கு முந்திய அந்த ஒரு கிழமை

கையளிக்கும் நாளையும் விழா நாளையும் ஒன்றாக்காமல் ஒரு கிழமை விட்டதற்குக் காரணம் மண்டபம். MP4 கோப்பு, வீடியோ H.264, 1080p என்று கொடுத்தால் பழைய தொலைக்காட்சியும் மண்டபத்து லப்டொப்பும் திறக்கும். H.265 ஆகக் கொடுத்தால் சிலவற்றில் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக நிற்கும். வினாடிக்கு 10 மெகாபிட் அளவில் ஐந்து நிமிடம் என்றால் கோப்பு 400 மெகாபைட்டுக்குள் அடங்கும், எந்தப் பென் டிரைவிலும் கொண்டுபோகலாம்.

கொண்டுபோய், விழாவில் பாவிக்கப்போகும் அதே புரொஜெக்டரில், அதே ஒலிபெருக்கியில், பகல் வெளிச்சம் விழும் அதே நேரத்தில் போட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் நின்று சப்டைட்டில் வாசிக்க முடிகிறதா, பெரியவரின் பேச்சு மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிறதா என்று பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, பேச்சை உயர்த்தி, மறுபடி ஏற்றுமதி செய்ய இரண்டு மணித்தியாலம் வேண்டும். அந்தக் கிழமையின் செவ்வாய் இரவு அதற்குத்தான்.